மரச்செக்குக் கடலை எண்ணெய் விலையை ஏற்றினால் மொத்த வரவு குறையுமா? பழைய பில்களிலிருந்து கணக்கிடும் முறை

கேள்வி: ஈரோட்டிலும் பெருந்துறையிலும் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறோம். கடலை எண்ணெய் லிட்டர் 280 ரூபாய். அதை 310 ஆக்க நினைக்கிறோம். 2023 ஏப்ரல் முதல் பில் எல்லாம் கணினியில் இருக்கிறது. 2024 செப்டம்பர் கடைசியில் 260-லிருந்து 280 ஆக்கினோம். ஆகஸ்டில் 1,150 லிட்டர் போனது, அக்டோபரில் 1,240 லிட்டர் போனது. அதனால் விலை ஏற்றினால் விற்பனை குறையாது என்கிறார் தம்பி. அவர் சொல்வது சரியா? 310 ஆக்கினால் மொத்த வரவு குறையுமா?

பதில்:

தம்பி எடுத்துக்கொண்ட இரண்டு மாதங்களை வைத்து அந்த முடிவுக்கு வர இயலாது. ஆனால் உங்களிடம் உள்ள பில்களை வேறு விதமாக அடுக்கினால் ஓரளவு நம்பத்தக்க விடை கிடைக்கும். முதலில், எவ்வளவு விற்பனை குறைந்தால் வரவு குறையத் தொடங்கும் என்ற எல்லையைக் கண்டுகொள்வோம், ஏனெனில் பிறகு செய்யும் ஒவ்வொரு கணக்கையும் அந்த எல்லையோடுதான் ஒப்பிடப் போகிறோம். 1,000 லிட்டரை 280 ரூபாய்க்கு விற்றால் வரவு 2,80,000 ரூபாய். அதே தொகை 310 ரூபாய் விலையில் வர வேண்டுமானால் 903 லிட்டருக்குச் சற்று மேல் விற்றாக வேண்டும். அதாவது விலை 10.7 விழுக்காடு ஏறும்போது விற்பனை 9.7 விழுக்காடு வரை குறையலாம். அதற்கு மேல் குறைந்தால்தான் மொத்த வரவு இறங்கும். இந்த இரண்டு விழுக்காடுகளும் ஒன்றாக இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஏற்றம் பழைய சிறிய விலையின் மேலும், எல்லை புதிய பெரிய விலையின் மேலும் கணக்கிடப்படுவதால் எல்லை எப்போதும் சற்றுக் குறைவாகவே வரும்.

விலை நெகிழ்ச்சி என்பது விலை ஒரு விழுக்காடு ஏறினால் விற்பனை எத்தனை விழுக்காடு குறைகிறது என்பதைச் சொல்லும் எண். அந்த எண் 1-க்குக் கீழே இருந்தால் விலையேற்றம் மொத்த வரவைக் கூட்டும்; 1-க்கு மேலே இருந்தால் குறைக்கும். மேலே சொன்ன முரண் கணக்கில் நுழையாமல் இருக்க, விழுக்காடுகளுக்குப் பதிலாக மடக்கை வேறுபாட்டைப் பயன்படுத்துவது நல்லது:

```
நெகிழ்ச்சி = −ln(புதிய லிட்டர் / பழைய லிட்டர்) / ln(புதிய விலை / பழைய விலை)
```

உங்கள் பழைய ஏற்றத்துக்குக் கீழ்ப்பகுதி ln(280/260) = 0.0741. இதில் ஐயமே இல்லை. சிக்கல் முழுவதும் மேற்பகுதியில் இருக்கிறது. அங்கே "பழைய லிட்டர்" என்ற இடத்தில் ஆகஸ்டு விற்பனையைப் போடக் கூடாது. விலையை ஏற்றாமல் விட்டிருந்தால் அதே காலத்தில் எவ்வளவு விற்றிருக்கும் என்ற எண்ணைப் போட வேண்டும். அந்த எண் எந்தப் பில்லிலும் இல்லை. அதை மதிப்பிடுவதுதான் இந்தக் கணக்கின் உண்மையான வேலை.

2024-இல் தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது. பலகாரத்துக்காக வாங்கப்பட்ட எண்ணெய் முழுவதும் அந்த அக்டோபருக்குள் விழுந்துவிட்டது. முந்தைய ஆண்டு தீபாவளி நவம்பர் 12 என்பதால் அந்தக் கூட்டத்தில் ஒரு பெரும்பகுதி நவம்பரில் விழுந்திருக்கும். எனவே 2023 அக்டோபரோடு 2024 அக்டோபரை ஒப்பிட்டாலும் விடை தவறாகவே வரும். விலை ஏறப் போகிறது என்று கடையில் சொல்லியிருந்தால், வாடிக்கையாளர்கள் செப்டம்பரிலேயே ஐந்து லிட்டர் டின் வாங்கி வைத்திருக்கவும் கூடும். எண்ணெய் இரண்டு மூன்று மாதம் வீட்டில் இருக்கும் பொருள். ஆகையால் ஏற்றத்துக்கு முந்தைய சில வாரங்கள் மிகையாகவும் பிந்தைய சில வாரங்கள் குறைவாகவும் தெரியும். இந்த இரண்டு காலத்தையும் கணக்கிலிருந்து விலக்கிவிட வேண்டும்.

ஒப்பிடுவதற்கு நான் தேர்ந்தெடுப்பது ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான மூன்று மாதங்களையும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மூன்று மாதங்களையும். தீபாவளி இரண்டிலும் இல்லை. பொங்கல் ஒவ்வோர் ஆண்டும் இரண்டாவதில் ஒரே இடத்தில் வருகிறது. 2023 ஜூனிலிருந்து 2024 பிப்ரவரி வரை உங்கள் விலை 260-இலேயே நின்றதால், இந்த இரு காலங்களுக்கும் இடையே பருவத்தால் மட்டும் வரும் வேறுபாட்டை அந்த ஆண்டு காட்டிவிடும். பின்வரும் எண்கள் வழியைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் பில்லில் உள்ளவற்றை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 2023 ஜூன் முதல் ஆகஸ்டு வரை 3,240 லிட்டர், அடுத்த டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 3,402 லிட்டர் என்றால், பருவத்தால் மட்டும் 1.05 மடங்கு. 2024 ஜூன் முதல் ஆகஸ்டு வரை 3,400 லிட்டர் என்றால், விலை ஏறாமல் இருந்திருந்தால் அடுத்த டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 3,570 லிட்டர் போயிருக்க வேண்டும். உண்மையில் 3,391 லிட்டர்தான் போனது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மேற்பகுதி 0.0514, அதை 0.0741-ஆல் வகுத்தால் நெகிழ்ச்சி 0.69.

அக்டோபரில் ஏறியதாகத் தெரிந்த விற்பனை, உண்மையில் ஐந்து விழுக்காடு குறைந்திருக்கிறது. ஆயினும் 0.69 என்பது 1-க்குக் கீழேதான் இருக்கிறது. இந்த எண்ணோடு நின்றுவிட்டால் 310 ரூபாயில் 932 லிட்டர் போகும், வரவு 2,88,920 ரூபாயாகும், ஏற்றலாம் என்று முடிவு செய்துவிடுவோம். ஆனால் இங்கே நிற்கக் கூடாது என்பதே நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது.

நீங்கள் விலையை ஏற்றிய அதே செப்டம்பரில், 14-ஆம் தேதி முதல், ஒன்றிய அரசு இறக்குமதி சமையல் எண்ணெய்களின் சுங்க வரியை உயர்த்தியது. கச்சாப் பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் மொத்த வரிச்சுமை 5.5 விழுக்காட்டிலிருந்து 27.5 விழுக்காடாகவும், சுத்திகரித்தவற்றின் வரிச்சுமை 13.75-லிருந்து 35.75 விழுக்காடாகவும் ஆயிற்று. உங்கள் கடையை விட்டுப் போகும் வாடிக்கையாளர் பெரும்பாலும் ரீஃபைண்ட் பாக்கெட்டுக்குத்தான் போவார். அந்தப் பாக்கெட்டின் விலையும் அதே நேரத்தில் ஏறியதால் அவர் போகவில்லை. எனவே 0.69 என்பது, நீங்களும் ஏற்றி மாற்றுப் பொருளும் ஏறினால் என்ன நடக்கும் என்பதற்கான விடை. நீங்கள் இப்போது கேட்பதோ, நீங்கள் மட்டும் ஏற்றினால் என்ன நடக்கும் என்பது. இரண்டும் வேறு கேள்விகள்.

இரண்டையும் பிரிக்க, உங்கள் விலை மாறாமல் ரீஃபைண்ட் விலை மட்டும் மாறிய ஒரு காலம் தேவை. 2025 மே 30 அன்று கச்சா எண்ணெய்களின் அடிப்படைச் சுங்க வரி 20-லிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அப்போது உங்கள் விலை 280-இல் நின்றிருந்தால் அதையொட்டிய மாதங்களைப் பார்க்கலாம். வரி குறைந்த அன்றே கடை விலை குறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை நகரவாரியாக நாள்தோறும் வெளியிடும் சில்லறை விலைப் பட்டியலையோ, அக்கம்பக்க மளிகைக் கடையின் பழைய பில்களையோ பார்த்து, பாக்கெட் விலை எந்த வாரத்தில் எவ்வளவு மாறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரீஃபைண்ட் விலை 10 விழுக்காடு இறங்கியபோது பருவத்தைக் கழித்த பிறகு உங்கள் விற்பனை 2 விழுக்காடு குறைந்தது என்று தெரிந்தால், அந்தக் குறுக்கு விளைவு 0.2.

இதை 2024-க்குப் பொருத்திப் பார்ப்போம். அப்போது உங்கள் பகுதியில் ரீஃபைண்ட் 15 விழுக்காடு ஏறியது என்றால், அதனால் மட்டும் உங்கள் விற்பனை 0.2 × ln(1.15) = 0.028 கூடியிருக்க வேண்டும். கூட வேண்டியது கூடாமல் 0.0514 குறைந்திருக்கிறது என்றால், உங்கள் விலையால் ஏற்பட்ட குறைவு இரண்டின் கூட்டுத்தொகையான 0.0794. நெகிழ்ச்சி 0.69 இல்லை, 1.07. இப்போது 310 ரூபாய்க்கு 897 லிட்டர்தான் போகும்; வரவு 2,78,070 ரூபாய், இன்றைய நிலையைவிட 1,930 ரூபாய் குறைவு. ஒரே பில்களிலிருந்து, விட்டுப்போன ஒரே ஒரு காரணத்தைச் சேர்த்தவுடன் விடை 1-இன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய்விட்டது.

விலை எந்தக் காரணத்தால் ஏறியது என்பதை முதலில் கேட்க வேண்டும் என்பது பொருளாதாரக் கணிப்பில் மிகப் பழைய பாடம். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பிலிப் ரைட், வெண்ணெய், ஆளிவிதை ஆகியவற்றின் விலையை வைத்து 1928-இலேயே இந்தச் சிக்கலுக்கு ஒரு தீர்வு சொன்னார்: வாங்குபவரின் விருப்பத்தைத் தொடாமல், உற்பத்திப் பக்கத்தில் மட்டும் நேர்ந்த ஒரு மாற்றத்தால் விலை நகர்ந்த காலங்களைப் பயன்படுத்த வேண்டும். உங்கள் தொழிலில் அதற்கு உடனே தோன்றுவது மண்டியில் நிலக்கடலை விலை. ஆனால் அது பொருத்தமான கருவி ஆகாது, ஏனெனில் கடலை விலை ஏறினால் போட்டிச் செக்குகளின் விலையும் பாக்கெட் கடலை எண்ணெய் விலையும் சேர்ந்தே ஏறும். உங்கள் கடையின் வாடகை உயர்ந்ததற்காகவோ பாட்டிலை மாற்றியதற்காகவோ விலை ஏற்றியிருந்தால் அந்த ஏற்றம் இதைவிடத் தூய்மையான சான்று. தேவை மிகுந்து எண்ணெய் போதாமல் போனதால் ஏற்றியிருந்தால், அது எல்லாவற்றிலும் மோசமான சான்று. அப்போது விலையும் விற்பனையும் சேர்ந்தே ஏறி, நெகிழ்ச்சியே இல்லை என்ற தோற்றம் தரும்.

வாரவாரியாகக் கணக்குப் போட விரும்பினால் விரிதாளில் தொடர்புப்போக்குக் கணக்கைப் பயன்படுத்தலாம். 130 வாரங்களுக்கு ஒரு வரிசை வீதம், B நிரலில் உங்கள் விலையின் மடக்கை, C நிரலில் ரீஃபைண்ட் விலையின் மடக்கை, D நிரலில் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களுக்கு 1, E நிரலில் ஏற்றத்துக்கு முன் மிகையாக வாங்கி வைத்த வாரங்களுக்கு 1, அதற்குப் பின் குறைந்த வாரங்களுக்கு −1, D, E இரண்டிலும் மற்ற வாரங்களுக்கு 0, F நிரலில் விற்ற லிட்டரின் மடக்கை என்று வையுங்கள்.

```
=LINEST(F2:F131, B2:E131, TRUE, TRUE)
```

இதன் விடைகள் தலைகீழ் வரிசையில் வரும்: முதல் எண் E-க்கு உரியது, நான்காவது எண்தான் உங்கள் விலை நெகிழ்ச்சி, ஐந்தாவது மாறிலி. நெகிழ்ச்சி இங்கே கழித்தல் குறியோடு வர வேண்டும். கூட்டல் குறியோடு வந்தால் ஏதோ ஒரு காரணம் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். மேலே சொன்ன பருவ வேறுபாட்டுக்கும் ஒரு நிரல் சேர்த்தால் விடை இன்னும் நேர்த்தியாகும். இரண்டாம் வரிசையில் வருபவை திட்டப்பிழைகள், அவற்றை அப்படியே நம்ப வேண்டாம். 130 வாரங்கள் இருந்தாலும் உங்கள் விலை ஒரே ஒரு முறைதான் மாறியிருக்கிறது. கணினிக்கு அது 130 சான்றுகளாகத் தெரியும்; உண்மையில் அது ஒரே நிகழ்வு. 2024 செப்டம்பருக்குப் பிறகு பக்கத்துத் தெருவில் இன்னொரு செக்கு திறந்திருந்தால் அதன் விளைவும் உங்கள் விலையின் கணக்கிலேயே ஏறிவிடும், அதை எந்தச் சூத்திரமும் பிரித்துத் தராது.

பில்களை எடுக்கும்போது கவனிக்க வேண்டியவையும் சில உள்ளன. பில் எண்ணிக்கையைப் பார்க்காமல் லிட்டரைக் கூட்டுங்கள், ஏனெனில் விலை ஏறினால் சிலர் கடையை மாற்றாமல் ஒரு லிட்டரிலிருந்து அரை லிட்டருக்கு இறங்குவார்கள். விலைக்கு, மொத்தத் தொகையை லிட்டரால் வகுத்த சராசரியைப் போட வேண்டாம்; டின் வாங்குவோருக்குத் தள்ளுபடி உண்டென்றால், டின் விற்பனை கூடிய வாரத்தில் விலையே குறைந்ததுபோல அது காட்டும். பலகையில் எழுதிய ஒரு லிட்டர் விலையைப் போடுங்கள். எண்ணெய் தீர்ந்துபோன நாட்கள் உள்ள வாரங்களை நீக்குங்கள். கல்யாண சமையல்காரர், உணவகம் போன்ற பெரிய வாடிக்கைகளைத் தனியாகப் பிரித்துவிடுங்கள், அவர்களில் ஒருவர் வந்தாலோ போனாலோ சிறு கடையின் மாதக் கணக்கே புரண்டுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் 1.07 என்பது ஒரு புள்ளி மதிப்புதான். குறுக்கு விளைவு 0.2-க்குப் பதில் 0.1 என்றால் நெகிழ்ச்சி 0.88, 0.3 என்றால் 1.26. முதலாவதில் வரவு 3,340 ரூபாய் கூடும், இரண்டாவதில் 7,200 ரூபாய் குறையும். ஆகவே பழைய பில்களை வைத்து நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: மொத்த வரவு பெரிதாகக் கூடவும் வாய்ப்பில்லை, பெரிதாகக் குறையவும் வாய்ப்பில்லை. இது 280-லிருந்து 310-க்கு மட்டுமே பொருந்தும். 350 ரூபாய்க்கு இதே எண்ணை நீட்டிப் போடுவது தவறு, ஏனெனில் விலை மேலே போகப்போக வாங்குபவர் கணக்குப் பார்ப்பதும் கூடும், நெகிழ்ச்சியும் பெரும்பாலும் கூடும்.

உங்களுக்கு இரண்டு கடைகள் இருப்பது ஒரு பெரிய வசதி. பிப்ரவரி போன்ற அமைதியான காலத்தில் பெருந்துறையில் மட்டும் 310 ஆக்கி, ஈரோட்டில் 280-ஐ அப்படியே வைத்திருங்கள். ரீஃபைண்ட் விலை, மாதச் சம்பள நாள், விசேஷம் எல்லாம் இரண்டு ஊரையும் ஏறத்தாழ ஒரே மாதிரி தொடும் என்பதால் இரண்டின் விகிதம் அவற்றைக் கழித்துவிடும். ஏற்றத்துக்கு முந்தைய 12 வாரங்களில் ஈரோட்டில் 2,000 லிட்டரும் பெருந்துறையில் 1,200 லிட்டரும் போனது என்றால் விகிதம் 0.60. ஏற்றிய முதல் நான்கு வாரங்களை விட்டுவிட்டு அடுத்த 12 வாரங்களைக் கூட்டுங்கள். ஈரோட்டில் 2,100 லிட்டர் என்றால் பெருந்துறையில் 1,260 லிட்டர் எதிர்பார்க்கலாம். 1,150 லிட்டர் போயிருந்தால் குறைவு 8.7 விழுக்காடு, 9.7 என்ற எல்லைக்குச் சற்று உள்ளே. இரு கடை விகிதம் வாரத்துக்கு வாரம் 10 விழுக்காடு ஆடுகிறது என்றால், 12 வாரச் சராசரிகள் இரண்டை ஒப்பிடும்போது பிழை 4 விழுக்காடு வரும். 8.7-க்கும் 9.7-க்கும் உள்ள வேறுபாட்டை இந்தச் சோதனையால் உறுதிப்படுத்த முடியாது. 5 விழுக்காடா 15 விழுக்காடா என்பதை ஓரளவு சொல்ல முடியும். இதே காரணத்தால்தான் முதலில் 295 ஆக்கிப் பார்க்கலாம் என்ற எச்சரிக்கையான யோசனையை நான் ஏற்பதில்லை. அங்கே எல்லை 5.1 விழுக்காடு, சோதனையின் பிழையே ஏறத்தாழ அவ்வளவு இருக்கும்போது அதிலிருந்து எதையும் அறிய முடியாது.

கடைசியாக, மொத்த வரவு குறையுமா என்பது உங்கள் முடிவுக்குச் சரியான அளவுகோலா என்று யோசியுங்கள். விற்காத எண்ணெய்க்குக் கடலை வாங்கவும் வேண்டாம், ஆட்டவும் வேண்டாம். கடலை, கூலி, மின்சாரம், பாட்டில் எல்லாம் சேர்த்து, புண்ணாக்கு வரவைக் கழித்து, லிட்டருக்கு 220 ரூபாய் ஆகிறது என்றால், இப்போது 1,000 லிட்டரில் நிற்பது 60,000 ரூபாய். நெகிழ்ச்சி 1.07 ஆக இருந்து, வரவு 1,930 ரூபாய் குறைந்தாலும், 897 லிட்டரில் லிட்டருக்கு 90 வீதம் 80,730 ரூபாய் நிற்கும். 1.26 ஆக இருந்தாலும் 79,200 ரூபாய். இலாபம் பழைய நிலைக்கு இறங்க விற்பனை 667 லிட்டருக்கு விழ வேண்டும், அதாவது மூன்றில் ஒரு பங்கு போக வேண்டும். இரு கடைச் சோதனையால் 8.7-ஐயும் 9.7-ஐயும் பிரிக்க முடியாவிட்டாலும், 8.7-ஐயும் 33-ஐயும் தெளிவாகப் பிரிக்க முடியும். ஆகவே இந்தச் செலவுக் கணக்கு உங்களுக்கும் பொருந்துமானால், வரவு சிறிது இறங்கினாலும் விலையை ஏற்றலாம் என்பதே என் கருத்து.

இதில் ஒரு கழிவு உண்டு. கடலை எண்ணெய்க்காக வருபவர் நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் சேர்த்து வாங்குகிறாரா என்று பில்லில் பாருங்கள். கடலை எண்ணெய் உள்ள பில்களில் மற்ற எண்ணெய்களால் நிற்கும் இலாபத்தைக் கூட்டி, அந்தப் பில்களில் விற்ற கடலை எண்ணெய் லிட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள். அது லிட்டருக்கு 30 ரூபாய் வந்தால், போகும் 103 லிட்டரோடு ஏறத்தாழ 3,100 ரூபாயும் போகக்கூடும்; அதை 80,730-லிருந்து கழித்த பிறகே முடிவெடுங்கள்.